பேச்சும் சாட்டும் ஒரே சுருக்கமாவது எப்படி?

ஒரு வெபினார் முடிந்ததும் இரண்டு கோப்புகள் கையில் மிஞ்சும். ஒன்று, பேச்சைக் கணினி எழுத்தாக்கிய பிரதி. மற்றொன்று, பங்கேற்றவர்கள் தட்டச்சு செய்த சாட். இரண்டையும் தனித்தனியே சுருக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவிடுபவர்களே அதிகம். அப்போது ஒரே கேள்வி சாட்டில் ஒரு முறை, தொகுப்பாளர் அதை வாசித்த இடத்தில் ஒரு முறை, பதிலுக்குள் மறுபடியும் ஒரு முறை எனத் தலைகாட்டும். அதைத் தவிர்க்கும் வேலை சொற்களில் தொடங்குவதில்லை, கடிகாரத்தில் தொடங்குகிறது.

பேச்சுப் பிரதியில் நேரம் பொதுவாகப் பதிவு தொடங்கிய நொடியிலிருந்து எண்ணப்படும். சாட்டில் பெரும்பாலும் சுவர்க் கடிகார நேரமே இருக்கும். பதிவு 10:03:20-க்குத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். சாட்டில் 10:26:50-க்கு வந்த கேள்வி, பதிவின் கணக்கில் 23:30. கழித்தல் கணக்குதான். ஆனால் இடைவேளையில் யாராவது பதிவை 2 நிமிடம் நிறுத்தி வைத்திருந்தால், அதற்குப் பிந்தைய சாட் முழுவதும் 2 நிமிடம் தள்ளிப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொகுப்பாளர் 25:10-இல் வாசித்த கேள்வி, நம் கணக்குப்படி 25:30-இல் தட்டச்சு செய்யப்பட்டதாக வந்தால் எங்கோ பிழை இருக்கிறது. கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வியை யாரும் வாசிக்க முடியாது.

நேரம் பொருந்திய பிறகு, பேக்கப் பற்றிய ஒரு கற்பனை வெபினாரின் நான்கு நிமிடங்களைப் பார்ப்போம். 22:40-இல் பேச்சாளர், கோப்புகளை இரண்டு இடங்களில் வைக்கச் சொல்கிறார். 23:30, 23:45, 24:20 ஆகிய நேரங்களில் மூன்று பேர் சாட்டில், கிளவுடில் தானாக ஒத்திசைவது பேக்கப் ஆகுமா என்று வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள். 25:10-இல் தொகுப்பாளர் ஒன்றை வாசிக்கிறார். ‘ஆகாது, ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும்’ என்கிறார் பேச்சாளர். 26:15-இல் ஒருவர், ‘சில சேவைகள் அழித்த கோப்பைச் சில நாட்கள் வைத்திருக்கும்’ என்று எழுதுகிறார். பேச்சாளர் அதைக் கவனிக்கவில்லை.

இவற்றில் எது திரும்பச் சொன்னது, எது புதியது? பொதுவான சொற்களை எண்ணிப் பார்ப்பது பழைய முறை. தமிழில் அது சீக்கிரம் சறுக்கும். ‘கோப்பு’, ‘கோப்பை’, ‘கோப்புகளில்’ மூன்றும் அதற்கு மூன்று சொற்கள். வாக்கியத்தின் பொருளை எண்களின் வரிசையாக மாற்றி, இரண்டு வரிசைகளின் நெருக்கத்தை அளப்பது புதிய முறை. மூன்று கேள்விகளையும் அது நன்றாகவே சேர்த்துவிடும். ஆபத்து வேறிடத்தில். ‘ஒத்திசைவு பேக்கப் ஆகும்’, ‘ஒத்திசைவு பேக்கப் ஆகாது’ என்ற இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பதால் அவற்றின் வரிசைகளும் மிக நெருக்கமாக வரக்கூடும். நெருக்கத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் மறுப்பு, ‘ஏற்கெனவே வந்தது’ என்ற பெயரில் குப்பைக்குப் போகும். இந்த வேலையில் நேரும் மோசமான தவறு இதுதான் என்பேன்: ஒரே வரி இருமுறை வந்தால் வாசகர் சலித்துக்கொள்வார், அவ்வளவுதான், விடுபட்ட மறுப்போ அவரைத் தவறாக நம்பவைத்துவிடும்.

அதனால் நெருக்கத்தின் மதிப்பெண், எந்த வரிகளை அருகருகே வைத்துப் படிக்கலாம் என்று காட்டுவதோடு நிற்க வேண்டும். படித்தபின் உறவைத் தீர்மானிக்க வேண்டும்: அதே கருத்தா, அதற்குப் பதிலா, கூடுதல் தகவலா, மறுப்பா? அதே கருத்து என்றால் மட்டுமே ஒன்று போகும். அப்போதும் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையை விடக் கூடாது. நம் நான்கு நிமிடங்கள் இப்படிச் சுருங்கும்:

கோப்புகளை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். கிளவுட் ஒத்திசைவு பேக்கப் ஆகாது, ஓரிடத்தில் அழித்தால் எங்கும் அழியும் என்றார் பேச்சாளர் (சாட்டில் 3 பேரின் கேள்வி). அழித்ததைச் சில சேவைகள் சில நாட்கள் வைத்திருக்கும் என்று பங்கேற்பாளர் ஒருவர் குறிப்பிட்டார். பேச்சாளர் அதற்குப் பதில் கூறவில்லை.

யார் சொன்னது என்பது தெளிவாக இருப்பதைக் கவனிக்கலாம். இரண்டையும் கலந்து ஒரே குரலாக்கினால் பங்கேற்பாளரின் கூற்று பேச்சாளரின் வாயில் ஏறிவிடும்.

வணக்கமும் நன்றியும் தயங்காமல் நீக்கத்தக்கவை. ‘சத்தம் கேட்கவில்லை’ என்று பலர் ஒரே நேரத்தில் எழுதியிருந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும். அந்த நொடிகளில் பேச்சுப் பிரதியிலேயே ஓட்டை இருக்கக்கூடும். பெயர்களிலும் அப்படித்தான். கணினி தவறாகக் கேட்டு எழுதிய மென்பொருள் பெயரைச் சாட்டில் யாரோ சரியாகத் தட்டச்சு செய்திருப்பார். அதைக் கொண்டு பிரதியை முன்னதாகவே திருத்திவிட்டால், ஒரே மென்பொருள் இரண்டு பெயர்களில் சுருக்கத்துக்குள் நுழையாது.