காசு கொடுத்துக் கேட்பவருக்குப் பதில் எழுதும்போது

திருப்பூர் சாயப்பட்டறைகளில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். நிபுணர்களிடம் கட்டணம் கட்டிக் கேள்வி கேட்கும் தளங்களில் நான்கு வருடமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அறிமுகத்தில் ‘ஜவுளி நிபுணர்’ என்று மட்டும் போட்டிருந்தேன். மாதக்கணக்கில் யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் ‘பருத்திப் பின்னலாடைத் துணிக்கு ரியாக்டிவ் சாயம், மீட்டெடுத்த உப்புநீரில் சாயமேற்றுதல்’ என்று மாற்றினேன். 2011 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் பட்டறை ஓட்டுவது நமக்கு அன்றாட வேலை. வேறு நாட்டு ஆலைக்கு அது புதுசு. கேள்விகள் அதற்குத்தான் வந்தன.

ஓர் ஆலையிலிருந்து வந்த கேள்வி: கறுப்புத் துணியை எத்தனை முறை அலசினாலும் வெள்ளைக் காலரில் சாயம் இறங்குகிறது. நான் உடனே காரணம் சொல்லவில்லை. சோப்புக்கு முந்திய அலசல் தண்ணீரின் கண்டக்டிவிட்டி எவ்வளவு, அதன் கடினத்தன்மை எவ்வளவு என்று கேட்டேன். கண்டக்டிவிட்டி அதிகமென்றால் தண்ணீரில் உப்பு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். உப்பு மிச்சமிருந்தால், பிடிக்காமல் நிற்கும் சாயம் நூலை விட்டு வராது. உப்பைப் போக்கிவிட்டு, பிறகு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சோப்பு போட வேண்டும். அவர்கள் முதல் அலசலைக் குறைத்திருந்தார்கள். அந்த இரண்டு கேள்விகளைப் பார்த்துத்தான் போனில் பேச என்னைத் தேர்ந்தெடுத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

"அண்ணா, வந்த கேள்வியெல்லாம் எடுத்தாத்தானுங்க காசு சேரும்" என்றார் பட்டறை நண்பர் ஒருவர். நானும் அப்படி நினைத்துப் பாலியஸ்டர் கேள்வி ஒன்றை எடுத்தேன். அரைகுறைப் பதில், ஒரே ஒரு நட்சத்திரம். அப்போது எனக்கு இருந்தவை ஐந்து மதிப்பீடுகள், எல்லாமே 5. சராசரி 4.33க்கு இறங்கியது. ஐம்பது மதிப்பீடு இருந்திருந்தால் 4.92தான் ஆகியிருக்கும். ஆரம்பத்தில் தெரியாத கேள்வியை விட்டுவிடுவது அதனால்தான் முக்கியம்.

பதில் சொல்லும் நேரமும் கூலியை முடிவு செய்கிறது. பேசுவதற்கு முன் மூன்று, நான்கு தேர்வுக் கேள்விகள் அனுப்புவார்கள். முதலில் திருப்தியாக எழுதியவர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். லண்டனில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. அந்த நேரத்தில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

சரி, கையில் நிற்பது எவ்வளவு? மணிக்கு 100 டாலர் என்று பேசி 40 நிமிடம் பேசினால் சுமார் 67 டாலர். அந்த ஒன்று கிடைக்க நான்கு இடங்களில் தேர்வுக் கேள்விக்கு இருபது இருபது நிமிடம் எழுதியிருந்தால், மொத்தம் 120 நிமிடம். மணிக்கு 33 டாலர்தான் வருகிறது. இப்போது அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விவரங்களைக் குறிப்பேட்டில் தயாராக வைத்திருக்கிறேன், ஒரு தேர்வு ஏழெட்டு நிமிடத்தில் முடிகிறது. எங்கள் பட்டறையின் வாடிக்கையாளர், ரெசிபி பற்றிக் கேட்டால் மட்டும் கட்டணம் எவ்வளவு என்றாலும் மறுத்துவிடுகிறேன்.