ஸ்டைலிஸ்ட் வேலைக்கு ஆள் தேவை: ஆனால் முதலில் கமிஷன் கணக்கைக் கேளுங்கள்

திருச்சி தில்லை நகரில் இருக்கும் எங்கள் சலூனுக்குப் பயிற்சி பெற்ற ஸ்டைலிஸ்ட்டுகள் இரண்டு பேர் வேண்டும். இதை நாலு வரியில் போட்டு முடித்திருக்கலாம். போன வாரம் நேர்காணலுக்கு வந்த பெண் கேட்ட கேள்விதான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது. "அக்கா, இப்ப இருக்கிற கடையில அறுபது பர்சென்ட். நீங்க நாப்பதுதான் சொல்றீங்களே?"

இதே கேள்வியோடு எத்தனை பேர்தான் வருவார்கள்! எதில் அறுபது என்று திருப்பிக் கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அந்தப் பெண்ணையே உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். அவருக்கு அங்கே மாதச் சம்பளம் 12,000. மாதம் 60,000 ரூபாய்க்கு வேலை செய்வது டார்கெட். அறுபது சதவீதம் என்பது அந்த டார்கெட்டைத் தாண்டிய தொகைக்கு மட்டும். போன மாதம் அவர் செய்த வேலை 70,000. தாண்டியது 10,000, அதில் அறுபது சதவீதம் 6,000. மொத்தம் கையில் வந்தது 18,000.

அதே 70,000 எங்கள் கடையில் எப்படி வரும்? கலர், ஸ்மூத்தனிங் பொருளுக்கு 10,000 போனது என்று வைத்துக்கொள்வோம். மீதி 60,000-இல் நாற்பது சதவீதம் 24,000. வேலை குறைந்து கமிஷன் எவ்வளவு இறங்கினாலும் 15,000 உறுதி. ஆடி மாதத்தில் கடை காற்று வாங்கினாலும் அந்தத் தொகை வந்துவிடும். டார்கெட் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே கணக்கு.

பொருள் செலவைக் கழிப்பதில்தான் பல இடங்களில் வில்லங்கம் வருகிறது. எங்கள் கடையில் கலர் ட்யூபைப் பிழிந்ததும் கிண்ணத்தோடு தராசில் வைத்து, எத்தனை கிராம் என்று பில் எண்ணுக்கு நேராக ஏட்டில் எழுதிவிட வேண்டும். மாதக் கடைசியில் அந்த ஏட்டை நீங்களே கூட்டிப் பார்க்கலாம். ஏடு காட்டாமல் "பொருளுக்கு இவ்வளவு" என்று மொத்தமாகக் கழிக்கும் இடத்தில் சண்டை போட்டாவது ஏட்டைக் கேளுங்கள்.

ஜிஎஸ்டி நம் இருவருக்குமே சொந்தமில்லை, ஆகவே அது பங்கில் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் வேலைக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் பொருள் வாங்கும்போது நாங்கள் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, அது பொருளின் விலையோடு சேர்ந்துவிடும். தள்ளுபடி விஷயம் வேறு. கூட்டம் சேர்க்க நான் கொடுக்கும் தள்ளுபடி என் பங்கில் போகும், உங்களுக்கு முழு விலைக்குத்தான் கமிஷன். டிப்ஸ் முழுவதும் உங்களுடையது.

நேரம்: காலை 10 முதல் இரவு 7 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. வார விடுமுறை செவ்வாய். முகூர்த்த நாளில் விடியற்காலை மணப்பெண் அலங்காரத்துக்கு வந்தால் அன்று மதியமே கிளம்பிவிடலாம். வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது, இன்னும் நாள் முழுக்க நிற்கவைக்கிறார்கள்.

பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. சான்றிதழ் வைத்திருப்பவர்களில் பலர் டம்மி தலையில் மட்டுமே பிளீச் போட்டுப் பழகியவர்கள். டம்மி தலைக்கு அலர்ஜி வராது, அது கருப்பு மெஹந்தி போட்டிருக்காது. சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அதன்மேல் பிளீச் பட்டால் முடி சூடாகி, இழுத்தால் ரப்பர் போல நீண்டு அறுந்துவிடும். அதனால் முதல் இரண்டு மாதம் கலர் வேலை மூத்த ஸ்டைலிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போதுதான். தலையில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்பது, பின்கழுத்துப் பக்கம் ஒரு சிறு கற்றையில் சோதிப்பது, டையை 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பது, இந்த மூன்றும் கைப்பழக்கமாக வேண்டும். "கல்யாணம் நாளைக்கு, டெஸ்ட் எல்லாம் வேண்டாம்" என்று யார் கெஞ்சினாலும் டையைத் தொடாதீர்கள். அந்தப் பில் போனால் போகட்டும்.

பயிற்சிக் காலத்திலும் அதே 15,000 உண்டு. உங்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்க மாட்டேன், பாண்டும் கிடையாது. அசல் சான்றிதழைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். எந்தக் கடையிலும் அதைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், தயவுசெய்து. திரும்ப வாங்க அலையும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

விருப்பமுள்ளவர்கள் திங்கள் அல்லது புதன், மதியம் 2 முதல் 4 மணிக்குள் வாருங்கள். உங்கள் கத்தரியையும், முடி வெட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் ஒருவரையும் கூட்டி வாருங்கள். கமிஷன் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். வீட்டில் காட்டி, யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.