பன்னிரண்டு கடிதங்களையும் ஒன்றாக விரித்துப் பாருங்கள்

மதுரையில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுப்பது என் தொழில். போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.காம். முடித்து, மொத்த வியாபாரக் கடை ஒன்றில் இரண்டு வருடம் கணக்குப் பார்த்தவள். "பன்னிரண்டு இடத்துக்குப் போட்டுட்டேன் மேடம், ஒருத்தர்கூடக் கூப்பிடலை" என்று சொல்லி, கடைசியாக அனுப்பிய கடிதத்தை நீட்டினாள்.

ஒரு கடிதத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் எடுத்திருக்கலாம், தெரிந்தவர் யாருக்காவது போயிருக்கலாம். எல்லாக் கடிதங்களிலும் திரும்பத் திரும்ப வரும் குறையைத்தான் நாம் தேட வேண்டும். அதனால் பன்னிரண்டு கடிதங்களையும், அவற்றுக்கான விளம்பரங்களையும் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னேன்.

முதலில் போன் நம்பரைப் பார்த்தேன். அதில் ஒரு எண் தப்பினால் பன்னிரண்டும் வீண். நம்பர் சரியாகத்தான் இருந்தது. அடுத்து, மூன்று விளம்பரங்கள் ஐந்து வருட அனுபவம் கேட்டிருந்தன. அவற்றை எடுத்துத் தனியே வைத்தோம். அங்கிருந்து பதில் வராததற்குக் கடிதத்தைக் குறை சொல்ல முடியாது.

மீதி ஒன்பதை மேசையில் வரிசையாகப் பரப்பினோம். எந்தக் கம்பெனிக்கும் அப்படியே அனுப்பக்கூடிய வரி என்றால் சிவப்புக் கோடு, விளம்பரத்தில் கேட்டதற்குப் பதிலாக அமைந்த வரி என்றால் நீலக் கோடு. கோடு போடும் வேலையை அவளிடமே விட்டேன். "கடின உழைப்பாளி", "எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்று தாள் முழுக்கச் சிவப்பு. ஒன்பது கடிதங்களுக்கும் சேர்த்து நீலம் நாலே வரி, அந்த நாலும் கடைசிப் பத்தியில்.

ஒன்பதில் ஏழு விளம்பரங்கள் ஜிஎஸ்டி வேலை தெரிந்த ஆள் கேட்டிருந்தன. இவளோ மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் இரண்டையும் தயார் செய்து கொடுத்தவள். கொள்முதல் பில்களை, சப்ளையர்கள் காட்டிய பில்கள் வரும் 2பி பட்டியலோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பில்லுக்குச் சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்டவளும் இவள்தான். கடிதத்தில் இருந்ததோ "டேலி, ஜிஎஸ்டி தெரியும்" என்று மட்டும். ஏன் என்று கேட்டேன். "அது எப்பவும் பண்ற வேலைதானே மேடம், அதையுமா எழுதணும்?"

இந்தப் பதிலை நான் அடிக்கடி கேட்கிறேன். பழகிப்போன வேலை அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. முதலாளி தேடுவதோ அதைத்தான்.

முதல் பத்தியை மட்டும் மாற்றினோம். எந்த ரிட்டர்ன், எத்தனை மாதம், 2பி-யில் விட்டுப்போன பில்லை எப்படிச் சரிசெய்தாள் என்று மூன்று வரி. மற்றதைத் தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். இந்தக் கடிதத்தை அவள் தகுதிக்குப் பொருந்தும் ஐந்து இடங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். அனுப்பிய தேதியை நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். இரண்டு வாரம் கழித்தும் போன் வராவிட்டால் அடுத்து பயோடேட்டாவை எடுப்போம். நேர்காணலுக்குக் கூப்பிட்டும் வேலை கிடைக்காவிட்டால், கடிதத்தை விட்டுவிட்டு அங்கே அவள் சொன்ன பதில்களைப் பார்ப்போம்.