மேட்டூரில் தங்கிவிடும் வண்டல்

ஜூன் மாதம் மேட்டூர் திறந்து கல்லணைக்கு வந்து சேரும் தண்ணீர் ஓரளவு தெளிந்தே வரும். ஆனால் டெல்டாவின் நிலமே கலங்கல் நீர் கொண்டுவந்து போட்ட வண்டலால் ஆனது. அந்த வண்டல் எங்கே நின்றுவிடுகிறது?

ஓடும் நீரின் வேகம்தான் மண்ணைத் தூக்கி வருகிறது. ஆறு ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் செத்துவிடும். மணல் நுழைவாயிலிலேயே படியும். 0.01 மில்லிமீட்டர் அளவுள்ள வண்டல் துகள் நிலைநீரில் நாளுக்குச் சுமார் 8 மீட்டர் இறங்கும். 120 அடி ஆழத்தை ஐந்து நாளில் கடந்துவிடும். அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நொடிக்கு 12,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் போவது 1 டி.எம்.சி.க்குச் சற்று மேல். நிரம்பிய ஏரியில் தண்ணீர் சராசரியாக மூன்று மாதம் தங்குகிறது என்று பொருள். வண்டல் படிய அது தாராளம். மிக நுண்ணிய களிமண் மட்டுமே ஓரளவு தப்பும்.

அதே 12,000 கன அடி 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 85 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். ஒரு நாளைக்கு 20 லட்சம் யூனிட். அதை நிலக்கரியில் எடுக்கச் சுமார் 1,400 டன் எரிக்க வேண்டும். இந்த லாபத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. மண்ணைப் பிடித்து வைப்பதும் டர்பைன் அல்ல, பாசனத்துக்கான தேக்கம்தான். மேட்டூருக்குக் கீழே செக்கானூர் முதல் ஊராட்சிக்கோட்டை வரை உள்ள நான்கு கதவணைகளும் தலா 30 மெகாவாட் தருகின்றன. அவற்றில் தேங்கும் நீர் கொஞ்சம், தங்கும் நேரமும் குறைவு என்பதால் நுண்வண்டல் பெரும்பாலும் கடந்துவிடும்.

மீனுக்கோ அந்தச் சிறிய கதவணையே போதும் வழியை அடைக்க. உள்ளம் மீன் கடலில் வளர்ந்து, புதுவெள்ளத்தில் ஆறேறி முட்டையிடும். அதற்குத் தாவத் தெரியாது. துள்ளி ஏறும் மீன்களுக்கென அமைத்த படிக்கட்டு இதற்கு உதவாது, சரிவான நீரோட்டப் பாதைதான் வேண்டும். விலாங்கின் பயணம் இதற்கு நேர் எதிர். ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கு இறங்கும். குஞ்சுகள் ஈரச்சுவரில் ஊர்ந்தாவது ஏறலாம். ஆனால் இறங்கும் பெரிய விலாங்கு டர்பைனுக்குள் இழுபட்டால், உடல் நீளம் என்பதால் இறக்கை அதை வெட்டும் வாய்ப்பு அதிகம். நுழைவாயிலில் நெருக்கமான கம்பி வலையும், பக்கத்தில் டர்பைனைத் தவிர்த்து இறங்க ஒரு மாற்றுவழியும் இருந்தால் பிழைக்கும்.

படிந்த மண்ணை எடுப்பது இன்னும் கடினம். 2017இல் மேட்டூர் ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள அரசு அனுமதித்தது. நல்ல காரியம்தான். ஆனால் 1 டி.எம்.சி. இடத்தை மீட்க, 10 கன மீட்டர் லாரியில் 28 லட்சம் நடை ஓட வேண்டும். முதல் வெள்ளம் வரும்போது நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைத்து, அடிமதகைத் திறந்து கலங்கலை அப்படியே போகவிடுவதே மலிவான வழி. அதற்குக் கையிருப்பு நீரை விட்டுக்கொடுக்க வேண்டும். மேலிருந்து நீர் வருமா என்று தெரியாத ஜூனில், குறுவைக்கு நாற்று விட்டவர்கள் நம்பியிருப்பது அந்தக் கையிருப்பைத்தான்.