சீக்குவன்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

கிளிநொச்சியில் எங்களிடம் வீடியோ எடிட்டிங் பழக வந்த தம்பி ஒருவர் முதல் நாளே கேட்டார்: “அண்ணை, சீக்குவன்ஸ் எண்டா என்ன? ரைம்லைனைத்தானே சொல்லுறியள்?”

இரண்டும் ஒன்றல்ல. ரைம்லைன் என்பது நாம் வெட்டி ஒட்டுகிற இடம். அந்த இடத்தில் திறந்து கிடக்கிற பொருள்தான் சீக்குவன்ஸ். அதற்கென்று ஓர் அகலம், உயரம், ஒரு செக்கனுக்கு இத்தனை படம் என்ற கணக்கு எல்லாம் உண்டு. உள்ளே போடுகிற எந்தக் காட்சியும் அந்தக் கணக்குக்குள் அடங்கித்தான் ஓடும்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘பின்தொடர்’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. மத்திய காலத் திருச்சபையில் அல்லேலூயாவைத் தொடர்ந்து பாடிய பாட்டுக்கும் இதே பெயர்தான். பிறகு சினிமாக்காரர் அதை எடுத்து, பல காட்சிகள் சேர்ந்து ஒரு நிகழ்வாக வரும் பகுதிக்கு வைத்தார்கள். அங்கிருந்து எடிட்டிங் மென்பொருளுக்குள் வந்தது.

தமிழில் ‘தொடர்’ என்றால் வேர்ப்பொருள் அப்படியே வந்துவிடும். ஆனால் ‘தொடர்’ என்றதும் எங்கள் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது இரவில் தொலைக்காட்சியில் போகும் நாடகம். அதனால் சினிமாப் பொருளுக்குக் ‘காட்சித்தொடர்’ என்றும், மென்பொருளில் உள்ளதற்குத் ‘தொடர்வரிசை’ என்றும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். செக்கனுக்கு இத்தனை படம் என்ற பிரேம் ரேட்டைச் ‘சட்டக வீதம்’ என்போம். றெசலூஷனுக்குப் ‘பிரிதிறன்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் இங்கே நாம் நிரப்புவது 1920, 1080 என்ற புள்ளிக் கணக்கு என்பதால் ‘பட அளவு’ என்றாலே விளங்கும்.

தொடர்வரிசை அமைப்பை ஏன் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்? நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு கலியாண வீடு. எங்கள் கமராவில் எடுத்த மூன்று மணி நேரக் காட்சி 1920×1080, செக்கனுக்கு 25 படம். ட்ரோன் காட்சி 3840×2160, செக்கனுக்கு 30. உறவினர் போனில் எடுத்ததும் 30. நான் புதிய தொடர்வரிசையைத் திறந்து, அழகாக இருக்கிறதே என்று ட்ரோன் காட்சியை முதலில் இழுத்துப் போட்டேன். அளவு பொருந்தவில்லை என்று, நான் எடிட் செய்யும் பிரீமியர் மென்பொருள் ஒரு பெட்டியைக் காட்டியது. வாசிக்காமல் `Change sequence settings` என்பதை அழுத்தினேன். அவ்வளவுதான், முழுக் கலியாணமும் ட்ரோனின் 4K அளவு, செக்கனுக்கு 30 படம் என்ற சட்டத்துக்குள் போய்விட்டது.

கமராக் காட்சிகள் நடுவில் சிறிதாக நின்றன. பெரிதாக்கியபோது முகங்கள் மங்கின. அது உடனே கண்ணில் பட்டது. படாதது வேகம். 25 படத்தை 30 இடத்தில் நிரப்ப வேண்டுமானால், செக்கனுக்கு ஐந்து படங்களை இரண்டு முறை காட்டத்தான் வேண்டும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் கமரா பக்கவாட்டில் திரும்பும் இடமெல்லாம் சின்னச் சின்னதாகத் தட்டியது. தாலி கட்டும் காட்சியில் யாரும் அசையாததால் ஒன்றும் தெரியவில்லை.

எதிர்ப்பக்கமும் பார்க்கலாம். இரணைமடுக் குளக்கட்டை ஒட்டிப் போனபடி போனில் 30இல் எடுத்த காட்சியை 25 தொடர்வரிசையில் போட்டு, அம்பு விசையால் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். கரையில் நிற்கும் பனை ஒரே அளவாக நகர்ந்து வரும், பிறகு ஒருமுறை இரட்டிப்பாகப் பாயும். அந்த இடத்தில் ஒரு படம் விழுந்துவிட்டது. செக்கனுக்கு ஐந்து முறை இது நடக்கும்.

அப்படியானால் எதை வைப்பது? வீடியோவைக் கேட்பவர் அதை எதில் பார்க்கப் போகிறார் என்பது முதல் கேள்வி. கனடாவில் இருக்கும் அண்ணன் யூடியூபில் பார்ப்பார் என்றால் 25, 30 இரண்டுமே போகும். அப்போது காட்சிகளில் பெரும்பகுதி எந்த வீதமோ அதை வையுங்கள். எங்கள் கலியாணத்துக்கு 1920×1080, 25 என்று வைத்திருக்க வேண்டும். 4K ட்ரோன் காட்சியைச் சிறிதாக்கினால் கெடாது, அதற்குள் இரண்டு மடங்கு நெருங்கிப் போகக்கூட இடம் கிடைக்கும். முழுவதும் போனில் எடுத்த வேலை என்றால் 30.

பாதியில் மாற்றலாமே என்று கேட்பார்கள். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு மென்பொருளில் வேலை தொடங்கிய பிறகு தொடர்வரிசையின் சட்டக வீதத்தை மாற்ற விடாது. பிரீமியரில் மாற்றலாம், ஆனால் பாட்டின் அடிக்கு வெட்டிய இடங்கள் ஒரு படம் முன்னே பின்னே தள்ளிப்போகும். எனக்கு அதைச் சரிபார்க்கவே இரண்டு இரவு போனது.

இப்போது கலியாணத்துக்கு முன்பே போன் வைத்திருக்கும் பெடியளிடம் சொல்லிவிடுகிறேன். ஐபோன் என்றால் கமரா அமைப்பில் `Show PAL Formats` என்பதைப் போட்டால் 25 கிடைக்கும். 50இல் எடுக்கும் வசதி உள்ள கமரா கொண்டுவருபவர் 50இலேயே எடுக்கட்டும். அதில் ஒன்றுவிட்டு ஒரு படத்தைக் காட்டினால் 25 தொடர்வரிசைக்குள் தட்டாமல் உட்காரும், பாதி வேகத்தில் மெதுவாகக் காட்டவும் உதவும்.