நீல டிக் விழுந்தது, செய்தி சேர்ந்ததா?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் 30-க்குள், தாம் உயிரோடு இருப்பதைக் காட்டும் 'லைஃப் சர்டிபிகேட்' கொடுத்துவிட வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் அடுத்த மாதப் பென்ஷன் நின்றுவிடும். 180 பேர் கொண்ட ஓர் ஊர் ஓய்வூதியர் சங்கம் இதை வாட்ஸ்அப் வழியாகச் சொல்ல நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க எளிய வேலைதான். ஆனால் இதே நவம்பரில்தான், இதே பெயரைச் சொல்லி, மோசடிக்காரர்களும் இதே ஆட்களைத் தேடி வருகிறார்கள்.

முதலில் வழி. சங்கத்துக்கு ஏற்கெனவே ஒரு குரூப் இருக்கும். அதில் போட்டால் காலை ஆறு மணிக்கு வரும் ரோஜாப்பூ, முருகன் படங்களுக்கு அடியில் செய்தி புதைந்துவிடும். வாட்ஸ்அப் சேனல் தொடங்கினால் அது Updates பக்கத்தில் போய் உட்காரும். அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காத பெரியவர்கள் நிறைய. இந்த வேலைக்குப் பொருத்தமானது பிராட்காஸ்ட் லிஸ்ட்தான். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் தனியாக வரும், நாலு பேர் முன்னால் சந்தேகம் கேட்கும் கூச்சம் இல்லை.

இதில் ஒரு பள்ளம் உண்டு. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்கு அறிவிப்பும் வராது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யார் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். நாள் முழுக்கப் பார்த்தும் பட்டியலில் ஏறாத பெயர்கள் பெரும்பாலும் எண்ணைச் சேமிக்காதவர்கள்தான். அதனால் வேலை செப்டம்பர் மாதக் கூட்டத்திலேயே தொடங்க வேண்டும்: வந்தவர்களின் போனில் அவர்கள் கண்முன்னே 'சங்கச் செயலாளர்' என்று எண்ணைப் பதிந்து கொடுப்பது. நம்பிக்கைக்கும் இதுவே அடித்தளம். புரொஃபைல் படத்தை எவனும் திருடி ஒட்டிக்கொள்ளலாம். தாம் பதிந்த பெயரில் வருவது அவ்வளவு சுலபமில்லை.

அடுத்து, செய்தியின் உருவம். சங்கங்கள் வழக்கமாக ஒரு போஸ்டர் செய்து அனுப்புகின்றன. போனில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கும் படத்தில் உள்ள எழுத்து பெரிதாகாது. விரலால் விரித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து என்பது வெறும் மஞ்சள். சாதாரணமாகத் தட்டச்சு செய்த செய்தியே மேல். தேதியும் இடமும் முதல் மூன்று வரிக்குள் வரட்டும். செய்தி நீண்டு 'Read more' வந்துவிட்டால் அதற்குக் கீழே இருப்பது பலருக்கு இல்லாததற்குச் சமம்.

எழுத்தோடு ஒரு வாய்ஸ் மெசேஜும் போகட்டும். முக்கால் நிமிடம், சுமார் அறுபது சொற்கள், பின்னணி இசை கூடாது. வயதில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. இசை அவற்றை மூடிவிடும். வேகத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். குழந்தைக்குச் சொல்வதுபோல் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பேசுவார்கள். அது கேட்பவருக்குப் புரிதலைக் கூட்டுவதில்லை, எரிச்சலைத்தான் கூட்டும். உளவியல் ஆய்வாளர் ஆர்தர் விங்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1999-இல் காட்டியது இது: வேகமான பேச்சில் பெரியவர்கள் தவறவிடுவதில் கணிசமான பகுதியை, வாக்கியத்தின் இயல்பான முறிவுகளில் இடைவெளி விட்டாலே மீட்டுவிடலாம். ஆகவே சொல்லை இயல்பாகச் சொல்லுங்கள். 'நவம்பர் பத்தாம் தேதி' என்றதும் ஒரு மூச்சு நிறுத்துங்கள், 'திங்கட்கிழமை' என்றால் இன்னொரு மூச்சு.

இனி நம்பிக்கை. வயதாகும்போது கேட்ட விஷயம் ஓரளவு நிற்கிறது. யார் சொன்னது, அது உண்மை என்றார்களா பொய் என்றார்களா என்பதுதான் சீக்கிரம் நழுவுகிறது. 2005-இல் இயன் ஸ்கர்னிக்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூற்றைப் 'பொய்' என்று பலமுறை சொன்னபோது, மூன்று நாள் கழித்து முதியவர்கள் அதை உண்மை என்று நினைவுகூர்வது கூடவே செய்தது. கூற்று பழகிப்போனது, முத்திரை உதிர்ந்துபோனது. பிந்தைய ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த விளைவு இதே அளவில் தென்படவில்லை என்றாலும், எச்சரிக்கை எழுதுபவர் மனதில் வைக்க வேண்டியது இது. 'இப்படி ஒரு லிங்க் வரும், நம்பாதீர்கள்' என்று அந்தப் படத்தையே வட்டமிட்டு அனுப்பினால், ஒரு வாரத்தில் மிஞ்சுவது 'லைஃப் சர்டிபிகேட்டுக்கு ஏதோ லிங்க் வருமாமே' என்பதாக இருக்கலாம். செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்: வங்கிக்கு நேரில் போங்கள், அல்லது தபால்காரரை வீட்டுக்கு அழையுங்கள், 70 ரூபாய் கட்டணம்.

'ஓடிபி யாருமே கேட்க மாட்டார்கள்' என்று எழுதுவதும் ஆபத்து. லைஃப் சர்டிபிகேட்டைப் போனிலேயே கொடுக்க உதவும் ஜீவன் பிரமான் செயலியில் பதியும்போது உண்மையாகவே ஓடிபி வரும். அதைப் பார்த்ததும் பெரியவர் ஒன்று பயந்து நிறுத்திவிடுவார், அல்லது சங்கம் சொன்னதே தவறு என்று முடிவு கட்டுவார். சரியான வரி இது: 'ஓடிபியை எதிரே இருக்கும் போனில் நீங்களே அடிக்கலாம், போனில் பேசுபவரிடம் சொல்லக் கூடாது.' இன்னொன்று, 'என் பென்ஷன் ஆணையான பிபிஓவின் எண்ணையும் ரிட்டயர் ஆன தேதியையும் சரியாகச் சொன்னானே' என்பது அழைத்தவர் உண்மையானவர் என்பதற்கு அடையாளம் ஆகாது. மோசடிக்காரர்களிடம் அந்த விவரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாஸ்புக்கில் இருக்கும் கிளை எண்ணுக்குத் தாமே கூப்பிடுவதுதான் சோதனை. பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930.

180 பேருக்கான செய்தி இப்படி அமையலாம்:

'வணக்கம். சங்கச் செயலாளர் பேசுகிறேன். போன சனிக்கிழமை கூட்டத்தில் பார்த்தோம். லைஃப் சர்டிபிகேட் நவம்பர் 30-க்குள். உங்கள் வங்கிக் கிளையில் கொடுக்கலாம். நீங்கள் எந்தத் தேதியில் போகிறீர்கள்? அந்தத் தேதியை மட்டும் பதிலாக அனுப்புங்கள்.'

கடைசிக் கேள்விதான் இதில் கனமான பகுதி. 'பார்த்துவிட்டீர்களா' என்று கேட்டால் 180 கும்பிடும் கைகள் வரும். கும்பிடு மரியாதையைக் காட்டும், புரிந்ததைக் காட்டாது. நீல டிக்கும் அப்படித்தான். போனைத் திறந்தது பேத்தியாக இருக்கலாம். '12' என்று பதில் வந்தால் அவர் காலண்டரைப் பார்த்திருக்கிறார் என்று பொருள், நாளைக் குறித்தவர் போவதற்கான வாய்ப்பும் கூடுதல்.

அதன்பின் நடை மெதுவாக இருக்கட்டும். முதல் செய்தி அக்டோபர் கடைசியில், காலை பத்து மணி சுமாருக்கு. நவம்பர் 5-இல் அதே குரல், அதே வாக்கியங்கள். புதிதாக அழகுபடுத்தி எழுதினால் இது வேறு ஏதோ உத்தரவு என்று நினைப்பார்கள். 15-ஆம் தேதி தேதி சொல்லாதவர்களுக்கு மட்டும். 22-ஆம் தேதிக்குப் பிறகும் அசையாதவர்களுக்கு வாட்ஸ்அப்பை மூடிவிட்டுப் போனில் கூப்பிட வேண்டும், அதற்கும் எடுக்காவிட்டால் வீட்டுக்கு ஓர் ஆள். டிசம்பரில் ஒரே ஒரு செய்தி பாக்கி இருக்கும்: தவறவிட்டவர்கள் இப்போது கொடுத்தாலும் பென்ஷன் மீண்டும் தொடங்கும், நின்ற மாதத்துத் தொகையும் சேர்ந்து வரும்.