நிலைத்து நின்ற தவறான விடை

வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்கள் கணிப்பு ஆய்வுக்கூடத்தில் இரண்டு மணி நேர வகுப்பு. சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் மாணவர்களில் சிலர் நியூட்டன்-ராப்சன் முறையையும் சரிவக விதியையும் ஏற்கெனவே தனித்தனியாகப் படித்திருப்பார்கள். அதனால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துக் கொடுப்பேன். சுவாரஸ்யமான தவறுகள் அந்த இணைப்பில்தான் பிறக்கின்றன.

கணக்கு இதுதான். e^(-t²) என்ற வளைகோடு t = 0 இல் 1 என்ற உயரத்தில் தொடங்கி, மணியின் பக்கவாட்டைப் போல மெல்லச் சரிகிறது. பூஜ்யத்திலிருந்து வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போனால், வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு எந்த x இல் சரியாக 0.5 ஆகும்? இந்தச் சார்பைத் தொகையிட்டுப் பள்ளியில் படித்த சார்புகளால் விடை எழுத முடியாது. அதனால் பரப்பை எண்களால்தான் அளக்க வேண்டும், x ஐயும் எண்களால்தான் தேட வேண்டும்.

பரப்பை அளக்கச் சரிவகம். 0 முதல் x வரையிலான தூரத்தை n சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் வளைகோட்டுக்குப் பதிலாக நேர்கோட்டை வைத்து, கிடைக்கும் சரிவகங்களைக் கூட்டுகிறோம். மிகப் பழைய உத்தி இது. கி.மு. 350க்கும் 50க்கும் இடைப்பட்ட பாபிலோனியக் களிமண் பலகைகளில், வியாழன் கோள் 60 நாளில் நகர்ந்த தூரத்தைச் சரிவகத்தின் பரப்பாகக் கணக்கிட்டிருப்பது 2016இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

x ஐத் தேடத் தொடுகோடு, அதாவது நியூட்டன்-ராப்சன் முறை. பரப்பிலிருந்து 0.5 ஐக் கழித்தால் வருவதை ஒரு புதிய வளைகோடாக நினைத்துக்கொள்ளுங்கள். அது தரையைத் தொடும் இடம்தான் நமக்கு வேண்டும். ஓர் இடத்தில் நின்று தொடுகோடு போட்டு, அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்குப் போகிறோம். அங்கே மறுபடி தொடுகோடு போடுகிறோம். தொடுகோட்டுக்குச் சாய்வு தெரிய வேண்டும் அல்லவா? இங்கே அது இலவசமாகக் கிடைக்கிறது. வலது எல்லையை ஒரு மயிரிழை நகர்த்தினால் பரப்பில் சேர்வது, அந்த இடத்தில் e^(-t²) வளைகோட்டுக்கு இருக்கும் f(x) என்ற உயரமுள்ள ஒரு மெல்லிய கீற்று. அதனால் பரப்பின் சாய்வு f(x) தான், தனியாக வகையிட வேண்டியதில்லை. இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சொன்னதும் சில முகங்கள் மலர்வதைப் பார்க்கலாம்.

```python
from math import exp

def f(t):
    return exp(-t*t)

def area(x, n):
    h = x / n
    s = (f(0) + f(x)) / 2
    for i in range(1, n):
        s += f(i*h)
    return h * s

x, n = 0.5, 4
for k in range(8):
    x = x - (area(x, n) - 0.5) / f(x)
    print(k + 1, x)
```

முதல் அடியைக் கையால் போட்டுப் பார்ப்போம். x = 0.5, நான்கு சரிவகம். பரப்பு 0.460266 என்று வருகிறது, அதாவது 0.039734 குறைகிறது. அந்த இடத்தில் சாய்வு 0.778801. குறைவைச் சாய்வால் வகுத்தால் 0.051020. ஆக அடுத்த இடம் 0.551020. அதற்கடுத்து 0.552785, பிறகு 0.552800. அப்புறம் ஆறு இலக்கத்தில் மாற்றமே இல்லை.

“அண்ணா, கடைசி மூணு வரியிலும் பத்து இலக்கம் அப்படியே இருக்கு. விடை வந்துடுச்சு” என்றாள் ஒரு மாணவி. திரையில் இருந்ததைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உண்மையான விடை 0.551039. அவளுடைய எண் மூன்றாவது தசம இலக்கத்திலேயே தவறிவிட்டது. இன்னும் வியப்பானது, முதல் அடியில் வந்த 0.551020 தான் உண்மைக்கு மிக அருகில் இருந்தது. அதன் பிறகு ஓடிய ஏழு அடிகளும் விடையை விட்டு விலகித்தான் போயின.

காரணம் சரிவகத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியில் வளைகோடு மேல்நோக்கிப் புடைத்திருக்கிறது. புடைத்த கோட்டின் இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அந்தக் கோடு வளைகோட்டுக்குக் கீழேதான் போகும். அதனால் ஒவ்வொரு சரிவகமும் கொஞ்சம் பரப்பை விட்டுவிடுகிறது. x = 0.5 இல் உண்மையான பரப்பு 0.461281, நமக்குக் கிடைத்தது 0.460266. குறைத்து அளக்கும் படியை வைத்துக்கொண்டு 0.5 ஐ நிரப்ப வேண்டுமானால் வலப்பக்கம் சற்று அதிகமாகவே போக வேண்டியிருக்கும். தொடுகோடு தன் வேலையைச் செவ்வனே செய்தது. நான்கு சரிவகங்களின் பரப்பு எங்கே 0.5 ஆகிறதோ அந்த இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டது. அது நாம் கேட்ட கேள்வியின் விடை அல்ல, அவ்வளவுதான்.

முதல் அடி நெருங்கி வந்தது தற்செயல். சரியான பரப்பை வைத்திருந்தால் அந்தத் தொடுகோடு 0.549716 இல் நின்றிருக்கும், இலக்குக்கு 0.0013 முன்னால். சரிவகத்தின் குறைவு அதே அளவு தூரத்தைக் கூட்டியது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. இதை நம்பி முதல் அடியில் நிறுத்தினால் அடுத்த கணக்கில் ஏமாந்துபோவோம்.

சரியான விடை கையில் இல்லாதபோது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அடிகளின் எண்ணிக்கையை எட்டிலிருந்து எண்பதாக்கினாலும் எதுவும் தெரியவராது. மாற்ற வேண்டியது n ஐ. சரிவகங்களை எட்டாக்கினால் விடை 0.551476 இல் நிற்கிறது. பதினாறாக்கினால் 0.551148. ஒவ்வொரு முறையும் நிலைத்த விடை வேறு! முதல் மாற்றம் 0.001324, இரண்டாவது 0.000328. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. துண்டின் அகலம் பாதியானால் சரிவகப் பிழை கால்வாசியாகும் என்ற விதி இங்கே கண்ணெதிரே தெரிகிறது.

அந்த நான்கைக் கொண்டே விடையைத் திருத்தவும் முடியும். மிச்சமிருக்கும் பிழை கடைசி மாற்றத்தின் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும், ஏனென்றால் 1/4 + 1/16 + ... என்று போகும் தொடரின் கூட்டுத்தொகை 1/3. 0.551148 இலிருந்து 0.000328 இன் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 0.551039. வெறும் பதினாறு சரிவகத்தில் ஆறு இலக்கமும் சரி.

தொடுகோட்டுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. அன்று பின்வரிசையில் ஒருவர் x = 2 என்று தொடங்கினார். அங்கே வளைகோட்டின் உயரம் 0.0183 தான், பரப்பின் தொடுகோடு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. அது தரையைத் தொட வெகுதூரம் ஓட வேண்டும். முதல் அடியிலேயே x = -18.8 ஆனது. அங்கே சாய்வு இன்னும் நுண்ணியது, அதனால் அடுத்த எண் நூற்றைம்பது இலக்கங்களைத் தாண்டியது. அதற்கடுத்து f(x) பூஜ்யமாகி, ZeroDivisionError என்று நிரல் நின்றது. இந்தத் தவறு உடனே தெரிந்துவிடுவதால் எனக்குக் கவலையில்லை. 0.5 இல் தொடங்கியதற்குக் காரணம் உண்டு: தொடக்கத்தில் வளைகோட்டின் உயரம் 1, அதனால் பரப்பு ஏறக்குறைய x க்குச் சமம்.

வகுப்பு முடிய இருபது நிமிடம் இருந்தபோது e^(-t²) க்குப் பதில் √t ஐப் போடச் சொன்னேன். n ஐ இரட்டிப்பாக்கினால் மாற்றம் நான்கில் ஒரு பங்காகக் குறையவில்லை, 2.8 மடங்கு மட்டுமே குறைந்தது. √t பூஜ்யத்தில் செங்குத்தாக எழுகிறது, அங்கே முதல் சரிவகம் மற்றவற்றைவிட மோசமாகத் தவறுகிறது. இங்கே மூன்றால் வகுக்கும் திருத்தத்தைப் போட்டால் பிழை முழுதாகப் போகாது. விடை வந்துவிட்டது என்று முன்பு சொன்ன அதே மாணவி இப்போது விடையை எழுதும் முன் n = 4, 8, 16 மூன்றையும் ஓட்டி, மாற்றங்களின் விகிதத்தைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டிருந்தாள்.